பருப்பை நிறுத்தினேன், கஜுவைக் கொடுத்தேன்: மகனின் கச்சான் ஒவ்வாமையில் நான் விட்ட பிழைகள்

மாமாங்கத் தீர்த்தத் திருவிழாவுக்குப் போய்க் கச்சான் அல்வா வாங்காமல் திரும்புகிற வீடு மட்டக்களப்பில் இருக்காது. நாங்களும் வாங்கினோம். மகனுக்கு அப்போது மூன்று வயதும் எட்டு மாதமும். கணவர் கட்டாரில், நானும் மாமியும்தான் அவனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். அல்வாத் துண்டில் பாதியைத் தின்றிருப்பான். பத்து நிமிடத்துக்குள் உதடு வீங்கியது. கழுத்திலும் வயிற்றிலும் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. பிறகு வாந்தி, தொடர்ந்து வறட்டு இருமல், குரலும் கரகரத்துவிட்டது. நான் செய்தது என்ன தெரியுமா? ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய் பிரிட்டன் என்கிற அரிப்பு மருந்துப் பாணியைக் கொடுத்து, தடிப்பு இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் இருபத்தைந்து நிமிடம் போனது. ஆஸ்பத்திரியில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகுதான் அவனுடைய மூச்சு சீரானது.

பிரிட்டன் தடிப்பையும் அரிப்பையும் குறைக்கும். தொண்டை வீக்கத்தையும் மூச்சுத் திணறலையும் அது நிறுத்தாது. தோலோடு சேர்ந்து வாந்தியோ இருமலோ குரல் மாற்றமோ வந்தால் அது அட்ரினலினுக்கான நேரம். அன்றைக்கு இதை எனக்குச் சொல்ல ஆள் இருக்கவில்லை. அடுத்த நாள் துண்டு வெட்டி அனுப்பும்போதும் சொன்னது ஒன்றுதான்: "கச்சான் குடுக்காதீங்க."

எட்டு நாள் கழித்துக் கல்லடிக் கடற்கரைக்குப் போனோம். கச்சான் ஆகாது, கடலை ஆகும் என்று நினைத்து வண்டியில் வறுத்த கடலை வாங்கிக் கொடுத்தேன். (எங்கள் ஊரில் கடலை என்றால் கொண்டைக்கடலை. நிலக்கடலைக்குப் பெயர் கச்சான். இந்தக் குழப்பத்துக்குப் பிறகு வருகிறேன்.) நாலு கடலை தின்றிருப்பான், உதட்டோரம் மறுபடி தடித்தது. இந்த முறை அதோடு நின்றது. ஆனால் என் நெஞ்சு நிற்கவில்லை. அன்றிரவு போனில் தேடித் தேடி, கச்சான் ஒரு கொட்டையே அல்ல, அவரைக் குடும்பத்துப் பயிர், பருப்பு, பயறு, கடலை, உழுந்து, கௌபி, சோயா எல்லாம் அதன் சொந்தக்காரர் என்று படித்துவிட்டேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது. உண்மையில் பாதிதான் விளங்கியிருந்தது.

விடிந்ததும் ஒரு தனியார் பரிசோதனை நிலையத்தில் 24,000 ரூபாய் கட்டி உணவு ஒவ்வாமை இரத்தப் பரிசோதனை எடுத்தேன். ஒரே இரத்தத்தில் இருபதுக்கும் மேற்பட்ட உணவுகளைப் பார்க்கும் பட்டியல் அது. ஒரு கிழமையில் ரிப்போர்ட் வந்தது. கச்சான் மிக உயர்வு. மைசூர்ப் பருப்பு, கடலை, சோயா மூன்றிலும் பொசிட்டிவ். பாதாமும் ஹேசல் கொட்டையும் நெகட்டிவ். கஜு அந்தப் பட்டியலிலேயே இல்லை. வேறு நாட்டுச் சமையலறைக்காகப் போட்ட பட்டியல் போல. பட்டியலில் இல்லாததை நான் ஆபத்து இல்லாதது என்று எடுத்துக்கொண்டேன். என் பிழைகளில் பெரியது அதுதான்.

அன்று முதல் வீட்டில் பருப்பு இல்லை. பயறு, உழுந்து, கடலை, கௌபி, சோயாமீற் ஒன்றும் இல்லை. போஞ்சியும் பயற்றங்காயும்கூட நிறுத்தினேன். மாமிக்கு இது பிடிக்கவில்லை. "ஏழு மாசத்தில இருந்து பருப்பும் சோறும் திண்டு வளந்த புள்ளை கா இவன், இப்ப மட்டும் என்ன வந்த?" என்று கேட்டார். நான் ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினேன். இப்போது யோசித்தால், அந்த ரிப்போர்ட்டைவிட மாமியின் கேள்வியே பெரிய பரிசோதனை.

மீனும் முட்டையும் இருக்கிறதே என்று நினைத்தேன். ஆனால் அவன் மீனை வாயில் வைக்க மாட்டான். அவனுடைய சாப்பாடே பருப்பில்தான் நின்றிருக்கிறது. 15.2 கிலோ இருந்தவன் மார்கழியில் 14.1. வளர்ச்சி அட்டையில் கோடு கீழே இறங்கியதைப் பார்த்த மிட்வைஃப் மிஸ் திரிபோஷா தரச் சொன்னார். திரிபோஷாவில் சோளத்தோடு சோயாவும் இருக்கிறது என்று நான் வாங்க மறுத்தேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகப் பல நாள் கோபமாக இருந்தேன். நியாயம் அவர் பக்கம்தான் இருந்தது.

தைப்பொங்கல் வந்தது. பொங்கலில் வறுத்த பயறு போடுவோம், அதை விட்டேன். பயறு இல்லாமல் வெறிச்சென்று இருக்கிறதே என்று கஜுவை வழக்கத்தைவிடக் கூடவே போட்டேன், சின்னதாக நறுக்கி. முழுக் கஜு விக்கும் என்று அதுவரை அவனுக்குக் கொடுத்ததில்லை. கஜு மரத்தில் காய்ப்பது, மாமரத்தின் இனம், கச்சானோடு சொந்தம் இல்லை. அதனால் பயம் இல்லை என்பது என் கணக்கு. மூன்றாவது கரண்டியில் "அம்மா, வாய் கடிக்குது" என்றான். அடுத்து வயிற்றுவலி, இரண்டு தடவை வாந்தி, உடம்பெல்லாம் தடிப்பு. இந்த முறை பாணியைத் தேடவில்லை. 1990க்கு அடித்தேன். சுவசெரிய வண்டி வந்தது, காசு இல்லை. அவனைப் படுக்க வைத்து, எழும்பி நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போனார்கள். அதுவும் முக்கியம் என்று பிறகு அறிந்தேன். இப்படியான நேரத்தில் திடீரென்று எழும்பி நின்றால் இரத்த அழுத்தம் விழுந்துவிடலாம்.

வார்டில் இருந்த இளம் டொக்டர் ஒருவர்தான் என் கதையை முதலிலிருந்து கேட்டார். கேட்டுவிட்டு, "அம்மா, நீங்க தேவையில்லாததை நிறுத்திட்டு, நிறுத்தவேண்டியதைக் குடுத்திருக்கிறீங்க" என்றார். கொழும்பில் ஒவ்வாமை பார்க்கும் நிபுணருக்குக் கடிதம் எழுதித் தந்தார்.

முதல் பயணம் வீண். இரவு ரயிலில் பிள்ளையோடு போய் இறங்கினால், தோல் பரிசோதனை செய்ய முடியாது என்றார்கள். இரண்டு நாளுக்கு முதல் தடிமனுக்குக் கொடுத்த பாணியில் பிரிட்டன் வகை மருந்து இருந்திருக்கிறது. அந்த மருந்து உடம்பில் இருந்தால் ஊசிமுனை குத்திய இடம் தடிக்காது, பொய்யாக "இல்லை" என்று காட்டும். ஒரு கிழமையாவது நிறுத்திவிட்டு வரவேண்டும். தங்கியது, சாப்பிட்டது, போக்குவரத்து எல்லாமாக 18,000 ரூபாய் போனது. போகும் முன் போனில் கேட்டிருந்தால் மிஞ்சியிருக்கும். அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. பதிவு செய்யும் இடத்தில் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் "கஜு" என்று சொல்லிவிட்டேன். சிங்களத்தில் கஜு என்றால் நம்முடைய கஜுதான். கச்சானுக்கு "ரட்டகஜு". கச்சான் பற்றிய வரலாறு முழுக்கக் கஜுவின் பெயரில் எழுதப்பட்டு, அடுத்த முறைதான் திருத்தப்பட்டது. சிங்களத்தில் கதைக்கவேண்டி வந்தால் இந்த இரண்டு சொல்லையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இந்தியச் சாமான்களில் இன்னொரு கண்ணி இருக்கிறது. அங்கே கடலை மாவு என்றால் நம்முடைய கடலை மா. ஆனால் கடலை எண்ணெய், கடலை மிட்டாய் என்றால் கச்சான். நிலக்கடலை, வேர்க்கடலை என்பதும் கச்சான்தான்.

இரண்டாவது பயணத்தில் நிபுணர் எங்களோடு ஒரு மணித்தியாலம் இருந்தார். ரிப்போர்ட்டைக் கையில் எடுக்கவே இல்லை. "ரிப்போர்ட் வர முந்தி இவன் என்னென்ன சாப்பிட்டு ஒண்டும் நடக்காமல் இருந்தவன்?" என்று கேட்டு ஒவ்வொன்றாக எழுதினார். பருப்பு தினமும். வீட்டில் அவித்த கடலை, மாதத்தில் இரண்டு மூன்று தரம். பயறு, தோசை, இட்லி. பிறகு சிரித்துக்கொண்டே, "சொதிக்கு வெந்தயம் போடுவீங்களா? புளி விடுவீங்களா?" என்றார். ஓம் என்றேன், எப்போதும். "வெந்தயமும் அவரைக் குடும்பம், புளியமரமும் அவரைக் குடும்பம்" என்றார். அத்தனை மாதம் போஞ்சியைக்கூட விலக்கிய நான் அந்த இரண்டையும் ஒரு நாளும் நிறுத்தியிருக்கவில்லை. அவனுக்கு ஒன்றும் ஆகவும் இல்லை. குடும்பத்தை வைத்து விலக்குவது எவ்வளவு ஓட்டை என்று எனக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. (வெந்தயம் எல்லோருக்கும் அப்படி இல்லை, கச்சான் ஒவ்வாமை உள்ள சிலருக்கு அது உண்மையிலேயே வினை காட்டியிருக்கிறது என்றும் சொன்னார். மகன் நெடுக சாப்பிட்டு வந்ததால் அவனுக்குப் பயம் இல்லை.)

அவர் விளக்கியதை என் சொல்லில் சொல்கிறேன். ஒவ்வொரு விதையும் முளைப்பதற்காகக் கொஞ்சம் புரதத்தைச் சேமித்து வைக்கிறது. உடம்பு அந்தப் புரதத்தைத்தான் எதிரி என்று பிழையாகப் பதிந்து, அதைப் பிடிக்க ஒரு எதிர்ப்பொருளைச் செய்கிறது. பருப்பின் சேமிப்புப் புரதமும் கடலையின் புரதமும் கச்சானின் புரதத்தைப் போன்ற உருவம் கொண்டவை. அதனால் கச்சானுக்கென்று செய்த எதிர்ப்பொருள் பரிசோதனைக் குழாயில் பருப்பின் புரதத்திலும் போய் ஒட்டிக்கொள்ளும், மெஷின் பொசிட்டிவ் என்று அடிக்கும். எங்கள் ஊரில் சுற்றிவளைப்புக் காலத்தைக் கண்டவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுகம். முகமூடி போட்ட தலையாட்டி, முகச்சாடையைப் பார்த்துத் தலையை ஆட்டுவான். அவன் ஆட்டினான் என்பதற்காக வரிசையில் நின்றவர் குற்றவாளி இல்லை. இரத்தப் பரிசோதனையும் முகச்சாடையைத்தான் சொல்கிறது. உண்மையில் வினை நடக்க, அந்த ஒட்டுதல் இறுக்கமாக இருக்கவேண்டும், சமைத்துச் செமித்த பிறகும் புரதம் உருக்குலையாமல் இருக்கவேண்டும். பருப்புப் புரதம் பலருக்கு அந்த இடத்தில் தோற்றுவிடுகிறது.

கச்சான் ஒவ்வாமை உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வேறு அவரையினத்துக்கும் பரிசோதனை பொசிட்டிவ் காட்டும். சாப்பிட்டால் உண்மையில் வினை வருவது நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் என்று பழைய ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். ஆனால் பருப்பும் கடலையும் தினசரி உணவாக இருக்கும் நாடுகளில் அவற்றுக்கென்றே தனி ஒவ்வாமை வரும் பிள்ளைகளும் உண்டு. அப்படி ஒரு பிள்ளைக்குப் பருப்பு ஆகாவிட்டால் கடலையும் பட்டாணியும் ஆகாமல் போக நல்ல சாத்தியம் இருக்கிறது, ஏனென்றால் அவை கச்சானைவிடத் தமக்குள் நெருக்கம். ஆகவே "அவரையினம் எல்லாம் சரி" என்றும் எழுத முடியாது. ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒவ்வொரு பயறாகக் கேட்கவேண்டியதுதான்.

அப்போ சொந்தமே இல்லாத கஜு ஏன் அடித்தது? இதுதான் எனக்கு நீண்ட நேரம் விளங்கவில்லை. கஜு ஒவ்வாமை பெரும்பாலும் கச்சானின் முகச்சாடையால் வருவது அல்ல, தனியாகவே வரும் இன்னொரு ஒவ்வாமை. ஒவ்வாமைப் போக்குள்ள ஒரே உடம்பில் இரண்டும் சேர்ந்து குடியிருக்கின்றன. கச்சான் ஆகாதவர்களில் நூற்றுக்கு 20 முதல் 40 பேருக்கு ஏதாவது ஒரு மரக்கொட்டையும் ஆகாது என்று கணக்கிடுகிறார்கள். அந்த மரக்கொட்டைகளுக்குள்ளே இறுக்கமான சோடிகள் இருக்கின்றன. கஜுவும் பிஸ்தாவும் ஒரு சோடி, வால்நட்டும் பெக்கானும் இன்னொன்று. கஜு ஆகாத பிள்ளைக்குப் பிஸ்தாவைத் தின்னக் கொடுத்துப் பார்க்கவே கூடாது. மகனுக்குத் தோல் பரிசோதனையில் கஜு குத்திய இடம் ஒன்பது மில்லிமீட்டர் தடித்தது. பொங்கல் கதையும் இருந்ததால் அதற்குமேல் பரிசோதிக்கவில்லை. கச்சான், கஜு, பிஸ்தா மூன்றையும் கொடுக்கவே கூடாது என்று எழுதினார்.

மாமி போனில் கேட்கச் சொன்ன ஒரே கேள்வி தேங்காயைப் பற்றியது. தேங்காய் பனை, கமுகுக் குடும்பம், மரக்கொட்டை ஒவ்வாமை உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு அது பிரச்சினை இல்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் 2025 ஜனவரியில் தன் மரக்கொட்டைப் பட்டியலில் இருந்து தேங்காயை எடுத்துவிட்டது. இதை மாமியிடம் சொன்னபோது, "அமெரிக்காக்காரன் சொல்லாட்டியும் நான் பால் விட்டுத்தான் காய்ச்சிருப்பன்" என்றார்.

பருப்பை வீட்டில் நேராகத் தொடங்க விடவில்லை. ஏழு மாதம் நிறுத்தியிருந்தேன் அல்லவா, பொசிட்டிவாக இருக்கும் உணவை நீண்ட காலம் நிறுத்தினால் முன்பு சகித்த உடம்பு சிலவேளை சகிக்காமல் போகலாம். நான் நிறுத்தியதே ஒரு புது ஆபத்தை உண்டாக்கியிருக்கக் கூடும் என்று கேட்டபோது கை குளிர்ந்துவிட்டது. ஆகவே ஆஸ்பத்திரியில் வைத்தே பரிசோதித்தார்கள். கையில் ஊசிக்குழாய் ஏற்றி, அட்ரினலின் பக்கத்தில் தயாராக வைத்து, நான் வீட்டுப் பக்குவத்தில் அவித்த பருப்பில் முதலில் கால் தேக்கரண்டி. இருபது நிமிடம் தோல், குரல், மூச்சு, வயிறு பார்த்தார்கள். பிறகு அரைக் கரண்டி, ஒரு கரண்டி, இரண்டு, நாலு. கடைசிக் கரண்டிக்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் காவல். மகன் நாலு கரண்டியும் முடித்துவிட்டு "இன்னும்" என்றான். நான் வெளியே போய் அழுதேன். அடுத்த நாள் அதேபோல் அவித்த கடலை. அதுவும் சரி. சோயாவுக்கும் பயறுக்கும் பிறகு வழி சொன்னார். ஊருக்கு வந்து மிட்வைஃப் மிஸ்ஸிடம் மன்னிப்புக் கேட்டுத் திரிபோஷா வாங்கினேன். இதை வாசிப்பவர்கள் தயவுசெய்து வீட்டில் கரண்டி எண்ணிப் பார்க்க வேண்டாம்.

கடற்கரைக் கடலைக்கு உதடு தடித்தது ஏன் என்றும் கேட்டேன். "கச்சான் வறுத்த அதே மணலில கடலையும் வறுத்திருப்பான், ஒரே சுண்டால அள்ளியிருப்பான்" என்றார். அது இன ஒற்றுமை அல்ல, தூசியும் துகளும். என் 24,000 ரூபாயும் மகனின் ஒரு கிலோவும் அந்தச் சுண்டில்தான் போயிருக்கின்றன. இப்போது வண்டிக் கடலை, மிக்சர், கலவைப் பொதி, கடையில் பொரித்த வடை ஒன்றும் வாங்குவதில்லை. வீட்டுக் கடலை அவன் எவ்வளவும் தின்னலாம். ஒரே உணவு ஒரு இடத்தில் ஒத்துக்கொண்டு இன்னொரு இடத்தில் ஒத்துக்கொள்ளாவிட்டால், உணவைச் சந்தேகிக்க முதல் சட்டியைச் சந்தேகிக்கவேண்டும்.

பேனா போன்ற அட்ரினலின் ஊசி எங்களுக்குக் கிடைக்கவில்லை. மருந்துக் குப்பியும் ஒரு மில்லிலீட்டர் சிரிஞ்சும் தந்து, நேர்ஸ் ஒருவர் தோடம்பழத்தில் குத்திக் குத்தி என்னைப் பழக்கினார். அளவு நிறைக்கு ஏற்றது, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்க நடுவில், தசைக்குள். நிறை கூடக்கூட அளவு மாறும் என்பதால் ஒவ்வொரு கிளினிக்கிலும் புதிதாக எழுதி வாங்குகிறேன். மாமியும் பழகிவிட்டார். ஊசி போட்டாலும் 1990க்கு அடிக்கத்தான் வேண்டும், சில மணித்தியாலம் கழித்து மறுபடி வரக்கூடும்.

இந்த வருடம் மாமாங்கத்துக்குப் போனோம். ஒரு டப்பாவில் வீட்டுக் கடலை, தேங்காய்ச் சொட்டுப் போட்டுத் தாளித்தது. அல்வாக் கடைப் பக்கம் வந்ததும் அவனே என் கையை இறுக்கிப் பிடித்து, "அது கச்சான், எனக்கு ஊசி" என்றான். வருகிற மாசியில் திரும்பவும் கொழும்பு. கச்சான் ஒவ்வாமை வளர வளர ஐந்தில் ஒரு பிள்ளைக்கு விட்டுப்போகுமாம், கஜுவுக்கு அதைவிடக் குறைவு. இந்த முறை தடிமன் பாணியை ஒரு கிழமைக்கு முதலே அலுமாரியில் வைத்துப் பூட்டுவேன்.